சிவப்பு பிளக்கும் பத்து விநாடியும்

அந்த ஆஸ்பத்திரியில் இருபத்து மூன்று பிரிண்டர்கள் இருந்தன. எது எந்த மூலையில் இருக்கிறது, எது எப்போது மக்கர் பண்ணும், எதைத் தட்டிக்கொடுத்தால் ஓடும், எதைத் தட்டவே கூடாது என்றெல்லாம் தெரிந்த ஒரே ஆளை எல்லோரும் பிரிண்டரக்கா என்று கூப்பிட்டார்கள். அவளுடைய சொந்தப் பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் பத்திரமாக இருந்தது.

ஒன்பது வருஷத்துக்கு முன்னால் அவள் தரை துடைக்கும் வேலைக்கு வந்தவள். எட்டாவதோடு படிப்பை நிறுத்திய பெண்ணுக்கு அதுவே பெரிய இடமாகத் தெரிந்தது. அதிகம் பேச மாட்டாள். யாராவது எதிரே வந்தால் வாளியோடு சுவர் ஓரம் ஒதுங்கிவிடுவாள். ஒதுங்கி நிற்கிறவர்களுக்கு ஒரு வசதி உண்டு. அவர்களை யாரும் கவனிக்காததால் எல்லாவற்றையும் அவர்கள் கவனித்துவிடலாம்.

ஒருநாள் ரெக்கார்டு ரூமில் பிரிண்டருக்குள் காகிதம் சிக்கிக்கொண்டது. அங்கிருந்த கிளார்க் முன்பக்கமாகப் பிடித்து இழு இழு என்று இழுத்தார். சிஸ்டம் சார் என்று எல்லோரும் அழைக்கும் கம்ப்யூட்டர் பிரிவுத் தலைவர் பக்கத்தில் கையைப் பிசைந்துகொண்டிருந்தார். துடைப்பத்தை சுவரில் சாய்த்துவிட்டு, தரையைப் பார்த்தபடியே அவள் சொன்னாள்:

"பேப்பர் போற வழியிலேயே இழுக்கணும் சார். எதிர்த்து இழுத்தா கிழிஞ்சு பாதி உள்ளயே நின்னுடும். பின்னாடி ஒரு கதவு இருக்கு."

பின்னாடி ஒரு கதவு இருப்பது சிஸ்டம் சாருக்கே அன்றுதான் தெரியும். அதை அவர் வெட்கப்படாமல் ஒப்புக்கொண்டார். பிறகு எங்கே காகிதம் சிக்கினாலும் அவளைத்தான் கூப்பிட்டார்கள். டோனர் மாற்ற, உருளை துடைக்க, கேபிளை மாற்றிக் குத்த என்று வேலை வளர்ந்தது. கடைசியில் சிஸ்டம் சார் ஆபீஸ் மேனேஜரிடம் போய், இவளை முழுநேரமும் என் பிரிவுக்கே கொடுங்கள் என்று கேட்டுவிட்டார்.

மேனேஜர் கெட்டவர் இல்லை. கணக்கான ஆள். துடைக்கிற வேலைக்கே ஆள் கிடைப்பது கஷ்டமாக இருக்கும்போது துடைக்கிற ஆளை மிஷினிடம் விட்டால் இரண்டும் கெட்டுப்போகும் என்பது அவருடைய கவலை. மூன்று மாதம் பார்க்கலாம், சரியாக வந்தால் உத்தரவு, வராவிட்டால் பழைய இடத்துக்கே அனுப்பிவிடலாம் என்று முடித்துக்கொண்டார். கதவுக்கு வெளியே நின்ற அவள் காதில் அது ஒரு சொல் விடாமல் விழுந்தது.

வீட்டில் இதைச் சொன்னபோது, ஸ்கூல் வேன் ஓட்டும் அவள் புருஷன் மூன்று மாதத்தை விரல் விட்டு எண்ணினான். அதிலிருந்து தினமும் சாயங்காலம் கால் கழுவிவிட்டு உள்ளே வந்ததும் அவன் கேட்கும் முதல் கேள்வி ஒன்றுதான். "உன் இருபத்து மூணு பிள்ளைங்களும் சௌக்கியமா?" எட்டாவது படிக்கும் மகள், "அப்போ நான் இருபத்து நாலாவதா?" என்பாள். "நீதான் அடிக்கடி சிக்கிக்கிற பிள்ளை" என்பான் அவன்.

இரண்டு மாதம் இருபது நாள் ஒழுங்காகப் போயிற்று. அப்போதுதான் லேபிள் பிரிண்டர் விஷயம் வந்தது.

ரத்தக் குப்பிகளில் ஒட்டுகிற சின்னச் சின்ன லேபிள்களை அடிப்பதற்கென்று ஆறு பிரிண்டர்கள் தனியாக இருந்தன. சூட்டில் எழுத்து விழும் வகை. மையும் கிடையாது, டோனரும் கிடையாது. அடுத்த வாரம் முதல் லேபிளில் பார்கோடு கோடுகளுக்குப் பதிலாக க்யூஆர் மாதிரிப் புள்ளிக்கட்டம் அச்சாக வேண்டும் என்று மேலிடத்தில் முடிவாகியிருந்தது. பழைய ஃபர்ம்வேருக்கு அந்தக் கட்டத்தைப் போடத் தெரியவில்லை. ஆறுக்கும் புதியது ஏற்ற வேண்டும்.

சிஸ்டம் சார் அவளுக்குப் புரியும்படி சொன்னார். கம்ப்யூட்டரில் இருப்பது வேறு; பிரிண்டரின் வயிற்றுக்குள்ளேயே ஃபர்ம்வேர் என்று ஒரு எழுத்து இருக்கிறது; பவர் போட்டதும் நான் யார், பட்டனை அழுத்தினால் என்ன செய்ய வேண்டும், காகிதத்தை எவ்வளவு தள்ள வேண்டும் என்று மிஷின் அதைப் படித்துத்தான் தெரிந்துகொள்கிறது. புதியதை ஏற்றும்போது பழையதை அழித்துவிட்டு அந்த இடத்தில்தான் எழுதும். அழித்து முடித்து, எழுதி முடிக்காத அந்த நாலைந்து நிமிஷம் மிஷினுக்குத் தன் பெயர்கூடத் தெரியாது.

"அந்த நேரத்துல கரண்ட் போச்சுன்னா?" என்று கேட்டாள்.

"போகக் கூடாது" என்றார் சிஸ்டம் சார். "பவர் போகாத பிளக்ல போட்டுப் பண்ணுங்க."

பவர் போகாத பிளக் எது என்பது ஆஸ்பத்திரியில் வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே அவளுக்குச் சொல்லப்பட்ட விஷயம். சுவரில் சில பிளக்குகள் வெள்ளை, சில சிவப்பு. தரை தேய்க்கும் மிஷினைத் தெரியாமல் சிவப்பில் குத்தியதற்கு அன்றைக்குச் சூப்பர்வைசர் கத்திய கத்தல் இன்னும் அவள் காதில் இருந்தது. சிவப்பு உயிர் காக்கிற பிளக், அதில் கரண்ட் போகவே போகாது, அதை நீ தொடவும் கூடாது என்று சொல்லியிருந்தார். ஒன்பது வருஷமாக அவள் சிவப்பு பிளக்குகளைச் சுற்றி ஈரத்துணி படாமல் துடைத்து வந்திருக்கிறாள். சாமி படத்தைச் சுற்றித் துடைப்பது மாதிரி.

வேலையை அவள் அவசரமாகச் செய்யவில்லை. ஒவ்வொரு பிரிண்டரிலும் முதலில் அதன் விவரங்கள் அச்சான ஒரு லேபிளை எடுத்துக்கொண்டாள். மாடல் எண்ணையும் கம்பெனி தளத்திலிருந்து சிஸ்டம் சார் இறக்கித் தந்த ஃபைலின் எண்ணையும் விரல் வைத்து எழுத்தெழுத்தாக ஒப்பிட்டாள். வைஃபையை நம்பாமல் கேபிளில் இணைத்தாள். வரிசையில் காத்திருக்கும் லேபிள் எதுவும் இல்லை என்று பார்த்தாள். 'வேலை நடக்கிறது, தொடாதீர்கள்' என்று ஒரு அட்டையைப் பிரிண்டர் மேல் சாய்த்து வைத்தாள். பிறகு பிளக்கைச் சிவப்பில் குத்தினாள். இப்படி ஐந்து பிரிண்டர்கள் பழுதில்லாமல் முடிந்தன.

ஆறாவது, ரத்தப் பரிசோதனை லேபில் இருந்தது. ஆஸ்பத்திரியிலேயே அதிகம் உழைப்பது அதுதான். காலைக் கூட்டம் கொஞ்சம் தணிகிற பதினோரு மணிக்கு வரச் சொல்லியிருந்தார் லேப் மேடம். மூக்குக் கண்ணாடியைத் தலைமேல் ஏற்றிவிட்டு அதையே தேடுகிற பெண்மணி. வேலையில் மட்டும் ஒரு குப்பி மாறாது.

"எவ்வளவு நேரம் ஆகும்?"

"அஞ்சு நிமிஷம் மேடம்."

"டாக்டர் சொல்ற அஞ்சு நிமிஷமா, நிஜ அஞ்சு நிமிஷமா?"

"நிஜம் மேடம்."

பதினொன்று பத்துக்கு ஆரம்பித்தாள். கம்ப்யூட்டர் திரையில் பச்சைப் பட்டை நகர்ந்தது. பிரிண்டரின் விளக்கு சிமிட்டத் தொடங்கியது. பட்டை பாதியைத் தாண்டியபோது மேலே டியூப்லைட் அணைந்தது. ஃபேன் சுற்றல் தளர்ந்தது. ஒன்று, இரண்டு என்று யாரோ எண்ணுவதுபோல மௌனமாக இருந்தது அறை. தூரத்தில் ஜெனரேட்டர் உறுமியது. விளக்கு திரும்ப வந்தது. மொத்தம் பத்து விநாடி இருக்கும். லேபில் ஒருவரும் தலை நிமிரவில்லை. இது எல்லோருக்கும் பழக்கம்.

அவள் மட்டும் பிரிண்டரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். சிமிட்டிக்கொண்டிருந்த விளக்கு இப்போது சிவப்பாக அசையாமல் நின்றது. கம்ப்யூட்டருக்கு மேசைக்கு அடியில் தனி யூபிஎஸ் பேட்டரி இருந்ததால் அதற்கு ஒன்றும் ஆகவில்லை. பச்சைப் பட்டை பாதியில் நின்று, யாரோ பேசிக்கொண்டிருக்கும்போதே போனை வைத்துவிட்டுப் போனது தெரியாமல் காத்திருக்கிற மனுஷன் மாதிரி இருந்தது. பிரிண்டரை அணைத்துப் போட்டாள். பட்டனை அழுத்தினாள். ஒரு லேபிள்கூட நகரவில்லை. அணைத்துப் போட்டாள். அதே சிவப்பு.

மூன்று மாதம் முடிய இன்னும் எட்டு நாள். வாளியும் துடைப்பமும் கேவலம் என்று அவள் ஒருநாளும் நினைத்ததில்லை. ஆனால் திரும்பிப் போவது வேறு. அதுவும் ஒரு மிஷினைக் கொன்றுவிட்டுப் போவது.

மேடத்திடம் போய்ச் சொன்னாள். இரண்டாம் முறை சொல்ல வேண்டியிருந்தது. லேப் மேடம் கண்ணாடியைத் தலையிலிருந்து இறக்கி மூக்கில் வைத்து அந்தச் சிவப்பு விளக்கைப் பார்த்தார். திட்டுவார் என்று அவள் நின்றாள். மேடம் ஒரு கட்டு வெற்று லேபிளையும் இரண்டு பேனாவையும் எடுத்து மேசையில் வைத்தார். ஒருவர் நோயாளியின் பெயர், எண், நேரம் வாசிக்க, இன்னொருவர் எழுத, ஒட்டும்முன் முதலாமவர் மறுபடி படித்துச் சரிபார்க்க வேண்டும் என்று இரண்டு பேரை உட்கார வைத்தார். அப்புறம்தான் இவள் பக்கம் திரும்பினார்.

"கையால எழுதி ஒண்ணரை மணி வரைக்கும் ஓட்டிடுவேன். ரெண்டு மணிக்கு ஓபிடி கூட்டம் வந்தா முடியாது. இங்க நின்னு அழுதா மிஷின் சரியாகாது. போய் சாரைக் கூட்டிட்டு வா."

அந்தக் கறார்ப் பேச்சுக்கு அவள் பிற்பாடு எத்தனையோ தடவை மனதுக்குள் கும்பிட்டிருக்கிறாள்.

சிஸ்டம் சார் வந்து பிளக்கைப் பார்த்தார். அவர் முகம் போன போக்கிலேயே அவளுக்குப் பாதி விளங்கிவிட்டது. சிவப்பு என்பது ஜெனரேட்டர் லைன். மெயின் கரண்ட் போனால் ஜெனரேட்டர் எடுக்கும்வரை பத்து விநாடி அதிலும் கரண்ட் இருக்காது. குளிர்பெட்டிக்கு அந்தப் பத்து விநாடி ஒரு பொருட்டே இல்லை. ஆபரேஷன் தியேட்டருக்குத் தனி பேட்டரி இருக்கிறது. பிரிண்டரை பேட்டரியில்தான் போட்டிருக்க வேண்டும். லேசர் பிரிண்டர் சூடேற்றும்போது இழுக்கிற இழுப்புக்குச் சின்ன பேட்டரி தாங்காது என்று எப்போதும் அதில் பிரிண்டரே போடக் கூடாது என்பது அங்கே பழக்கம். இந்த லேபிள் பிரிண்டர் இழுப்பது கொஞ்சம்தான், இதைப் போடலாம். அதை அவர் சொல்லியிருக்க வேண்டும். பவர் போகாத பிளக் என்று பொதுவாகச் சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

இதையெல்லாம் அவர் சொல்லி முடிக்கும்போது மேனேஜர் வாசலில் நின்றுகொண்டிருந்தார். கையால் எழுதுகிறார்கள் என்ற செய்தி அதற்குள் மாடி ஏறியிருந்தது.

"யார் இதைப் பண்ணது?"

"நான்தான் சார்" என்றாள்.

அப்போது மேனேஜருக்குப் பின்னால் இன்னொரு குரல் கேட்டது. ஆஸ்பத்திரி எலக்ட்ரீஷியன். ஃபியூஸ் அண்ணன் என்று பெயர்; சீக்கிரம் சூடாகிவிடுவார் என்பதால் வைத்தது. தோளில் டெஸ்டர் பையோடு உள்ளே வந்தார்.

"லைன் போகல சார். நான்தான் அணைச்சேன். ஜெனரேட்டர் டெஸ்ட் எப்பவும் புதன்கிழமை ரெண்டு மணி. இன்னைக்கு ரெண்டு மணிக்கு டீசல் வண்டி வருதுன்னு முன்னாடியே பண்ணிட்டேன். தியேட்டருக்கும் ஐசியூக்கும் போன் பண்ணிச் சொன்னேன். லேபுக்குச் சொல்லல. நான் சொல்லியிருந்தா இந்தப் பொண்ணு ஆரம்பிச்சிருக்காது."

அவர் சொல்லாமல் இருந்திருந்தால் அது யாருக்கும் தெரிந்திருக்காது. கரண்ட் தானாகவே போயிற்று என்றுதான் எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தார்கள், அவளையும் சேர்த்து. மேனேஜர் மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்தார். திட்டுவதற்கு ஒரு ஆள் போதும். மூன்று பேர் வரிசையில் நின்று நான் நான் என்றால் அவர் என்ன செய்வார்? மிஷின் பிழைக்குமா என்று மட்டும் கேட்டார்.

பிழைக்க ஒரு வழி உண்டு என்றார் சிஸ்டம் சார். உள்ளே எழுத்து அழிந்தாலும், பவர் போட்டதும் முதலில் கண் விழிக்கிற சின்னப் பகுதி ஒன்று தனியிடத்தில் இருக்கும். ஃபர்ம்வேர் ஏற்றும்போது சாதாரணமாக அதைத் தொட மாட்டார்கள். அது நல்லபடி இருந்தால் புதிதாக எழுதச் சொல்லலாம். அதுவும் போயிருந்தால் உள்பலகையையே மாற்ற வேண்டும். பலகை வர இரண்டு வாரம்.

கம்பெனி உதவி எண்ணுக்கு அடித்தார்கள். இருபது நிமிஷம் பாட்டுக் கேட்ட பிறகு ஒரு பெண் எடுத்தாள். சிஸ்டம் சார் போனை ஸ்பீக்கரில் போட்டு பிரிண்டரக்காவின் கைப்பக்கம் வைத்தார். அவள் அதை அவர் பக்கமே தள்ளினாள்.

"நீங்களே பேசுங்க சார்."

"மிஷின்ல கை வைக்கப்போறது நீங்க. உங்க கைதான் அதுக்குப் பழக்கம்."

போனில் இருந்த பெண் நிதானமானவள். முதலில் மாடல் எண்ணைக் கேட்டாள். பிரிண்டரை அணைத்துவிட்டு, மூன்று பட்டன்களையும் சேர்த்து அழுத்திப் பிடித்துக்கொண்டே பவரைப் போடச் சொன்னாள். விளக்கு ஆரஞ்சு நிறமாகும்வரை விடக் கூடாது. பிரிண்டரக்கா பிடித்தாள். இரண்டு விரல் ஒரு நொடி முன்னால் நழுவிவிட்டன. மறுபடி சிவப்பு.

"பரவாயில்லம்மா, முதல் தடவை யாருக்கும் வராது" என்றது போன்.

இரண்டாம் முறை லேப் மேடமே வந்து பவர் பட்டனைத் தட்டினார். இவள் மூன்று விரலையும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். ஆரஞ்சு வந்தது. அறையில் எல்லோரும் ஒரே நேரத்தில் மூச்சு விட்டது கேட்டது. மிஷினுக்கு வேறு எதுவும் தெரியவில்லை. எழுதுங்கள், எடுத்துக்கொள்கிறேன் என்று காத்திருக்க மட்டும் தெரிந்தது.

ஆனால் கம்ப்யூட்டர் அதைக் கண்டுகொள்ளவில்லை. போனில் இருந்த பெண் யோசித்துவிட்டு, கேபிள் நேராகப் போகிறதா, நடுவில் ஏதாவது பெட்டி இருக்கிறதா என்று கேட்டாள். இருந்தது. நான்கு கேபிள் குத்துகிற ஒரு குட்டிப் பெட்டி. அதை எடுத்துவிட்டு நேராகக் குத்தியதும் திரையில் பிரிண்டர் தென்பட்டது.

ஏற்றுவதற்கு முன் பிரிண்டரக்கா கையை எடுத்துவிட்டாள். "இருங்க" என்றாள். பிரிண்டர் இன்னும் சிவப்பு பிளக்கில்தான் இருந்தது.

சிஸ்டம் சார் தன் அறையிலிருந்து பேட்டரிப் பெட்டியைத் தூக்கி வந்தார். அதன் பின்பக்கத்துத் துளைகள் எல்லாவற்றிலும் பேட்டரி கரண்ட் வராது, பாதி வெறும் கரண்ட் ஏற்றத்தைத் தடுக்க மட்டும் என்று ஃபியூஸ் அண்ணன் காட்டிக்கொடுத்தார். சரியான துளையில் குத்தி, பவர் போடும்போது மறுபடி மூன்று பட்டனையும் பிடித்து ஆரஞ்சுக்குக் கொண்டுவந்தார்கள். ஃபியூஸ் அண்ணன் கீழே போய் மெயின் போர்டு முன்னால் காவல்காரன் மாதிரி நின்றுகொண்டார். டீசல் வண்டி சொன்ன நேரத்துக்கு முன்னாலேயே வந்து ஹாரன் அடித்தும் நகரவில்லை என்று பிற்பாடு சொன்னார்கள்.

பச்சைப் பட்டை நகர்ந்தது. ஆறு நிமிஷம். அந்த ஆறு நிமிஷமும் போனில் இருந்த பெண் வைக்கவில்லை. அவள் பின்னால் எத்தனையோ பேர் வரிசையில் இருந்திருப்பார்கள். நடுவில் ஒருமுறை, "நான் இருக்கேன்" என்று மட்டும் சொன்னாள். பட்டை முடிந்தது. விளக்கு அணைந்தது, அணைந்தே இருந்தது, பிறகு பச்சையாக வந்தது. உருளை சற்றே சுழன்று ஒரு வெற்று லேபிளை வெளியே தள்ளியது, பிறந்த பிள்ளை கை நீட்டுவதுபோல.

அத்தோடு முடியவில்லை. பழைய அளவுகள் எல்லாம் போய்விட்டிருந்தன. முதல் லேபிளில் நோயாளியின் பெயர் பாதி ஒன்றிலும் மீதி அடுத்ததிலும் விழுந்தது. காலையில் எடுத்து வைத்த விவர லேபிளை ஒரு கையில் பிடித்துக்கொண்டு, அகலம், நீளம், கருமை என்று ஒவ்வொன்றாகப் பழையபடி வைத்தாள். இரண்டு லேபிளுக்கு நடுவே உள்ள இடைவெளியை மிஷினே அளந்துகொள்ளும்படி செய்தாள். ஐந்து லேபிள் அடித்து ஐந்தையும் ஸ்கேனரில் காட்டினாள். ஐந்தும் பீப் என்றன. மேடம் ஆறாவதையும் காட்டச் சொன்னார். அவருக்கு அப்படித்தான் மனசு ஆறும். மணி ஒன்று முப்பது.

சாயங்காலம் நடந்ததை எழுதித் தரச் சொன்னார் மேனேஜர். சிஸ்டம் சார் தன் தவறை எழுதினார். ஃபியூஸ் அண்ணன் தன்னுடையதை எழுதினார். அவள் வெகுநேரம் பேனாவை வைத்துக்கொண்டிருந்துவிட்டு இப்படி எழுதினாள்: 'சிவப்பு பிளக்கில் கரண்ட் போகாது என்று ஒன்பது வருடமாக நம்பினேன். யாரையும் கேட்கவில்லை. ஐந்து பிரிண்டர் தப்பித்தது என் திறமையால் அல்ல.'

மேனேஜர் அதை இரண்டு முறை படித்தார். அந்தக் கடைசி வரியில் அவர் விரல் நின்றது. உத்தரவு பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் காலையில் அவளைக் கூப்பிட்டு, ரத்த வங்கி கட்டடத்திலும் இதே மாதிரி நான்கு பிரிண்டர்கள் இருக்கின்றன, அங்கே அவர்கள் ஆள் தேடுகிறார்கள், முடித்துக் கொடுக்க முடியுமா என்று கேட்டார். உத்தரவு என்று தலைப்பிட்ட ஒரு தாளையும் நீட்டினார். அதில் அவள் சொந்தப் பெயர் இருந்தது. சம்பளச் சீட்டுக்கு வெளியே அதை அச்சில் பார்ப்பது அவளுக்கு அதுதான் முதல் தடவை.

"பேட்டரியில போட்டுப் பண்ணுவேன் சார். எலக்ட்ரீஷியன் அண்ணன்கிட்ட முன்னாடியே எழுதி வாங்கிடுவேன்."

"அதுக்குத்தான் உங்களை அனுப்பறேன்" என்றார் அவர்.

வீட்டில் புருஷன் அந்தத் தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். "இருபத்து மூணுல ஒண்ணு நேத்து செத்துப் பொழைச்சிருக்கு, எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல" என்று கோபித்துக்கொண்டான். சொல்லியிருந்தால் ராத்திரி முழுக்கத் தூங்கியிருக்க மாட்டாய் என்றாள் அவள். அது உண்மைதான் என்று அவனும் விட்டுவிட்டான்.

கம்பெனியிலிருந்து போனில் ஒரு செய்தி வந்திருந்தது. எங்கள் சேவை எப்படி இருந்தது, ஒன்று முதல் ஐந்து வரை அழுத்துங்கள் என்றிருந்தது. சிஸ்டம் சார் அதை அவளுக்கு அனுப்பியிருந்தார். ஐந்தை அழுத்தினாள். கீழே கருத்து எழுத ஒரு கட்டம் வந்தது. மகளிடம் கொடுத்து எழுதச் சொன்னாள்.

"என்னம்மா எழுதணும்?"

அவள் யோசித்தாள். அந்தப் பெண்ணின் பெயர் தெரியாது. முகம் தெரியாது. அந்த ஆறு நிமிஷத்தில் அவள் 'நான் இருக்கேன்' என்று சொன்னதை எந்தக் கட்டத்தில் எழுதுவது?

"நேத்து மத்தியானம் எங்கிட்ட பேசின பொண்ணு யாரோ, அவ நல்லா இருக்கணும்னு எழுது" என்றாள்.

மகள் எழுதினாள். அனுப்பு என்பதை அம்மாவே அழுத்தட்டும் என்று போனைத் திருப்பிக் கொடுத்தாள்.